பிரஷர் முகாம் போஸ்டர்: "வெறும் வயிற்றில் வரவும்" வரி இருக்கட்டுமா, எடுத்துவிடலாமா?

செம்பனைத்தம்பி

வணக்கம். ஊத்தான் மெலிந்தாங் பக்கத்துத் தோட்டம் எங்களுடையது. அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் இரத்த அழுத்தம் பார்க்கும் நாள் வைக்கிறோம். கிளினிக்கிலிருந்து இரண்டு மிஸ்ஸிகள் வருகிறார்கள். மிஷின் இரண்டு. போஸ்டரும், வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் கோயில் ஒலிபெருக்கியில் வாசிக்க அறிவிப்பும் எழுத வேண்டியது என் பொறுப்பு. குழுவின் பழைய கோப்பில் கிடைத்த வாசகம் இது:

"மாபெரும் இலவச மருத்துவ முகாம்! நாள்: ஞாயிறு. நேரம்: காலை 8 முதல் 12 வரை. இரத்த அழுத்தம், சர்க்கரை பரிசோதிக்கப்படும். வெறும் வயிற்றில் வரவும். பொதுமக்கள் அனைவரும் திரளாக வந்து பயன்பெறுமாறு அன்புடன் அழைக்கிறோம். அதிர்ஷ்டக் குலுக்கு உண்டு. காலைச் சிற்றுண்டி வழங்கப்படும்."

தலைவர் இதிலேயே தேதியை மட்டும் மாற்றி அச்சுக்குக் கொடு என்கிறார். எனக்கு அந்த 'வெறும் வயிற்றில்' என்பதுதான் உறுத்துகிறது. பிரஷர் பார்க்க எதற்குப் பட்டினி? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

லயத்துக்கிளி

தம்பி, அந்த வரியை முதலில் எடுங்கள். எங்கள் அம்மாவுக்கு 68 வயது. பல வருடமாக அம்லோடிபின் சாப்பிடுகிறார். பக்கத்து ஊரில் ஒரு முகாம் நோட்டீசில் இதே வரி. அம்மா என்ன செய்தார் தெரியுமா? சாப்பாட்டுக்கு அப்புறம் போடும் மாத்திரை என்பதால் காலை மாத்திரையையும் விட்டுவிட்டார். அதற்கு முந்தின ராத்திரி கல்யாண விருந்துக்குப் போய் அன்றைய மாத்திரையையும் மறந்திருக்கிறார், அது தனிக் கதை. வெயிலில் நடந்து போய், வரிசையில் நின்று, பசியோடு உட்கார்ந்ததும் 188 காட்டியது. மேசையில் இருந்த பையன் "நூத்தி எண்பத்தெட்டு!" என்று கத்தியதில் மண்டபமே திரும்பிப் பார்த்தது. அம்மா பயந்து அழுதுவிட்டார். தெலுக் இந்தான் வரைக்கும் ஓடி, மத்தியானம் வரை காத்திருந்து, சாப்பிட்டு மாத்திரை போட்டபின் பார்த்தால் 150 சொச்சம். இப்போது முகாம் என்றாலே "நான் வரலே" என்கிறார்.

---

பழைய எச்.ஏ.

தோட்டத்து ஆஸ்பத்திரியிலும் பிறகு அரசாங்க கிளினிக்கிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். லயத்துக்கிளி சொல்வது அடிக்கடி நடப்பதுதான்.

பிரஷர் பார்க்கப் பட்டினி தேவையே இல்லை. அந்த வரி கொலஸ்ட்ரால், சர்க்கரை பார்க்கும் முகாம்களிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்தது. யாரோ நகல் எடுத்தார்கள், அடுத்தவர் அதை நகல் எடுத்தார். ஆனால் அதனால் கெடுதல் இரண்டு வகையில் வருகிறது. மாத்திரை சாப்பிடுகிறவர் அதை விட்டுவிடுகிறார், வரும் எண் அவருடைய வழக்கமான எண் அல்ல. இன்னொன்று, சர்க்கரைக்கு மாத்திரை அல்லது ஊசி போட்டுக்கொண்டு சாப்பிடாமல் வருகிறவர் வரிசையிலேயே வியர்த்து நடுங்கி உட்கார்ந்துவிடுவார். அதைச் சமாளிக்கவே ஒரு மிஸ்ஸி போய்விடுவார்.

எனவே போஸ்டரில் நேர்மாறாக எழுதுங்கள்: "வழக்கம்போல் சாப்பிட்டு, மாத்திரை போட்டுக்கொண்டு வாருங்கள்." அதோடு இன்னொரு வரி: "பார்ப்பதற்கு அரை மணி நேரத்துக்கு முன் கோப்பி, டீ, சிகரெட் வேண்டாம்." இவை இரண்டும்தான் வீட்டிலேயே செய்ய வேண்டியவை. மற்றதெல்லாம் மண்டபத்தில் நீங்கள் செய்ய வேண்டியது.

---

குலுக்கல் மன்னன்

ஐயா, ஒரு விஷயம். சர்க்கரையும் பார்க்கிறார்கள் இல்லையா? சர்க்கரைக்கு வெறும் வயிறுதானே சரி. நான் கிளினிக்குக்குப் போகும்போதெல்லாம் "புவாசா" என்றுதான் சொல்கிறார்கள். அப்புறம் சாப்பிட்டுவிட்டு வந்தால் எல்லாருக்கும் சர்க்கரை ஏறித்தான் இருக்கும். வரி இருக்கட்டும் என்பது என் கட்சி.

---

பழைய எச்.ஏ.

மன்னன் சொல்வதில் பாதி சரி. கிளினிக்கில் கையிலிருந்து இரத்தம் எடுத்துச் சர்க்கரையும் கொழுப்பும் ஒன்றாகப் பார்க்கும்போது பட்டினி கேட்பார்கள். முகாமில் விரலில் குத்திப் பார்ப்பது சாப்பிட்டிருந்தாலும் பார்க்கலாம். எப்போது சாப்பிட்டார் என்று சீட்டில் எழுதிவிட்டால் போதும். சந்தேகம் வந்தால் கிளினிக்கில் பட்டினியோடு மறுபடியும் எடுப்பார்கள். எதற்கு ஞாயிறு காலையில் ஒரு தோட்டத்தையே பட்டினி போட வேண்டும்?

சர்க்கரையும் வைப்பதானால் விரல் குத்துவது பிரஷருக்குப் பிறகு. முதலில் குத்தினால் பயத்திலேயே பிரஷர் ஏறிவிடும்.

---

மஞ்சள்கதவு

நல்ல இழை. எனக்கு ஒரு கேள்வி. எனக்கு இடது கையில் 138, வலது கையில் 150 காட்டுகிறது. எந்தக் கையை நம்புவது? வீட்டு மிஷின் கெட்டுவிட்டதா? புதுசு வாங்கலாமா, எந்தக் கம்பெனி நல்லது?

---

லயத்துக்கிளி

மஞ்சள்கதவு, இது போஸ்டர் இழை. 😄 ஐயா விட்டுவிடமாட்டார், பதில் வரும்.

---

பழைய எச்.ஏ.

வரும், சுருக்கமாக. முதல் தடவை இரண்டு கையிலும் பார்த்து, அதிகம் காட்டும் கையையே பிறகு எப்போதும் பயன்படுத்த வேண்டும். உங்களுக்கு வலது கை. வித்தியாசம் 15, 20 என்று தொடர்ந்து இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். கையை எங்கே வைத்துப் பார்க்கிறீர்கள்? ஒரு கை மேசையிலும் இன்னொரு கை மடியிலும் இருந்தால் மிஷினைக் குறை சொல்லாதீர்கள். கையை மடியில் வைத்தாலே மேல் எண் 4 வரை கூடும், தொங்கவிட்டால் 6, 7 கூடும்.

செம்பனைத்தம்பி, இதையே உங்கள் முகாமுக்கும் சொல்கிறேன். போஸ்டரில் 'திரளாக' என்று அழைத்திருக்கிறீர்கள். எத்தனை பேர் எதிர்பார்க்கிறீர்கள்?

---

செம்பனைத்தம்பி

குலுக்கு இருப்பதால் 250, 300 பேர் வரலாம் என்கிறார் தலைவர். முதல் பரிசு ரைஸ் குக்கர்.

---

பழைய எச்.ஏ.

அப்படியானால் ஒரு கணக்குப் போடுவோம். முறையாகப் பார்த்தால் ஒருவருக்கு இரண்டு தடவை அளக்க வேண்டும், நடுவில் ஒரு நிமிடம். கஃப் கட்டுவது, எழுதுவது, ஒரு வார்த்தை சொல்வது எல்லாம் சேர்த்து 5 நிமிடம் ஆகிவிடும். ஒரு மிஷின் 4 மணி நேரத்தில் 48 பேர். இரண்டு மிஷின் 96 பேர். இடையில் யாரும் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று வைத்துக்கொண்டால்தான் இதுவும். 300 பேர் வந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், பார்த்திருக்கிறேன். இரண்டு தடவை ஒரு தடவையாகும். ஓய்வு போகும். சட்டைக் கைக்கு மேலேயே கஃப் ஏறும். கடைசியில் கிடைப்பது வெறும் எண்.

ஒரு அம்மாவின் கதை சொல்கிறேன், புரியும். பருமனான உடம்பு, 60ஐத் தாண்டிய வயது. லயத்திலிருந்து நடந்து வந்தார். நுழைந்ததும் வாசலில் மாதர் பிரிவு கொடுத்த கோப்பியைக் குடித்தார். பக்கத்து நாற்காலிக்காரியோடு பேசிக்கொண்டே கையை நீட்டினார். சட்டைக் கையைச் சுருட்டி ஏற்றியது தோளில் கயிறு மாதிரி இறுக்கிக்கொண்டிருந்தது. மிஷினோடு வந்த சாதாரண கஃப்தான். 172/96. அவரை ஓரமாகச் சாய்மான நாற்காலியில் உட்கார வைத்தோம், இரண்டு காலும் தரையில். முதலில் கழிப்பறைக்கு அனுப்பினோம். கோப்பி இறங்க அரை மணி நேரம் விட்டோம். அப்புறம் 5 நிமிடம் பேச்சே இல்லை. தோள்பட்டைக்குக் கீழே துணி இல்லாமல் பெரிய கஃப் கட்டி, கையை மேசைமேல் நெஞ்சு உயரத்தில் வைத்து எடுத்தோம்: 146/84. ஒரு நிமிடம் கழித்து 142/82. சராசரி 144/83. அந்த அம்மாவுக்குப் பிரஷர் இருக்கலாம், கிளினிக்கில் வேறு நாட்களில் பார்த்து உறுதி செய்ய வேண்டும். ஆனால் 172 என்று சொல்லி அனுப்பியிருந்தால் வீட்டில் பெரிய ரகளை ஆகியிருக்கும்.

இதில் பெரும் பங்கு கஃப்பின் அளவு. மேல்கையின் சுற்றளவு 22 முதல் 32 சென்டிமீட்டர் வரை உள்ளவருக்குத்தான் சாதாரண கஃப். அதற்கு மேல் பெரியது வேண்டும். ஒரு அளவு சின்னதாக இருந்தால் 5 போல் கூடும், இரண்டு அளவு சின்னதாக இருந்தால் 20 வரைகூடக் கூடிவிடும்.

எனவே 'திரளாக' வேண்டாம். லயம் வாரியாக, பகுதி வாரியாக நேரம் போடுங்கள்.

---

குலுக்கல் மன்னன்

நேரம் போட்டால் ஊரில் யார் கேட்பார்கள்? எட்டு மணிக்கே எல்லாரும் வந்து நாற்காலி பிடிப்பார்கள். வரிசையாக நாற்காலி போட்டு ஒவ்வொருவராக நகர்ந்து வந்தால் அதிலேயே ஓய்வு கிடைக்காதா?

---

வெள்ளைக்காலணி

நான் இன்னும் வேலையில் இருக்கும் மிஸ்ஸி. மன்னன் சொல்லும் நாற்காலி வரிசைதான் எங்களுக்குத் தலைவலி. நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்து அடுத்த நாற்காலிக்கு மாறுகிறார்கள். முழங்கால் வலியோடு எழுந்து, உட்கார்ந்து, பை தூக்கி, பேரப்பிள்ளையை இழுத்து... ஆறு நாற்காலி தாண்டி என்னிடம் வரும்போது மூச்சு வாங்குகிறது. பெயர் மட்டும்தான் ஓய்வு நாற்காலி. எண் சீட்டு கொடுங்கள், உட்கார்ந்த இடத்திலேயே இருக்கட்டும். எண் கூப்பிட்டதும் இங்கே வந்து உட்கார்ந்து 5 நிமிடம். அதற்கு என் மேசைக்குப் பக்கத்திலேயே இரண்டு நாற்காலி தனியாக வேண்டும், ஒருவருக்கு அளக்கும்போது அடுத்தவர் அங்கே ஓய்வில் இருப்பார்.

அப்புறம் கழிப்பறை. இதை யாரும் யோசிப்பதில்லை. நம் பாட்டிமார் பலர் தண்ணீர் மாத்திரை சாப்பிடுகிறார்கள். மண்டபத்துக் கழிப்பறை பின்னால் எங்கோ, சாவி காவலாளியிடம். கேட்கக் கூச்சப்பட்டு அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அதுவே பிரஷரை ஏற்றிவிடும். இன்னும் சிலர் இதற்காகவே அன்றைக்குத் தண்ணீர் மாத்திரையை விட்டுவிட்டு வருகிறார்கள். கழிப்பறை திறந்திருக்கும் என்று அறிவிப்பிலேயே சொன்னால் எனக்குச் சந்தோஷம். சிரிக்காதீர்கள்.

---

லயத்துக்கிளி

சிரிக்கவில்லை மிஸ்ஸி. அம்மாவின் பிரச்சினையே அதுதான்.

இன்னொன்று கேட்கிறேன். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இந்த முகாமுக்கு வரத்தான் வேண்டுமா? அவர்களுக்குக் கிளினிக்கில் தேதி இருக்கிறதே. 96 இடத்தில் 60 இடத்தை அவர்களே பிடித்துக்கொண்டால் தெரியாமல் இருப்பவர்களை எப்போது பார்ப்பது?

---

பழைய எச்.ஏ.

நல்ல கேள்வி. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் நம் நாட்டில் பெரியவர்களில் 10 பேருக்கு 3 பேர் என்ற அளவில் உயர் இரத்த அழுத்தம் இருந்தது. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது. முகாம் வேண்டியது அந்தப் பாதிக்குத்தான். அவர்கள் யார்? 30, 40 வயது ஆண்கள், செம்பனை வெட்டுகிறவர்கள், லாரி ஓட்டுகிறவர்கள், தலைவலி வந்தால் பனடோல் போட்டுக்கொண்டு போகிறவர்கள். ஞாயிறு காலை 8 மணிக்கு அவர்களில் பலர் தூங்குவார்கள், அல்லது சந்தையில் இருப்பார்கள். வருவது யார் என்றால் கிளினிக் அட்டையைக் கையில் வைத்திருக்கும் நம் பாட்டிமார்தான்.

என் யோசனை: தலைப்பிலேயே "கடந்த ஒரு வருடத்தில் பிரஷர் பார்க்காதவர்களுக்கு" என்று போடுங்கள்.

---

வெள்ளைக்காலணி

இதில் மட்டும் ஐயாவோடு ஒத்துப்போக முடியவில்லை. மாத்திரை வாங்கி அலமாரியில் அடுக்கி வைத்திருக்கும் ஆட்களை நான் வாரம் முழுவதும் பார்க்கிறேன். கிளினிக் தேதியையே தவறவிட்டவர் முகாமுக்கு வருகிறார், ஏனென்றால் அது பக்கத்தில் இருக்கிறது, சிற்றுண்டி இருக்கிறது. வராதே என்று போஸ்டரில் எழுதிவிட்டால் அவரும் நம் கையை விட்டுப் போய்விடுவார். முன்னுரிமை கொடுங்கள், கதவைச் சாத்தாதீர்கள்.

---

பழைய எச்.ஏ.

சாத்தச் சொல்லவில்லை மிஸ்ஸி. 11 மணிக்கு மேல் வரட்டும் என்கிறேன்.

---

வெள்ளைக்காலணி

11 மணி வெயிலில் பாட்டிமாரையா? நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் ஐயா.

---

செம்பனைத்தம்பி

இருவரும் சொன்னதை வைத்து எழுதிப் பார்த்தேன். நேரத்தில் ஆண்களுக்காக மாலையையும் சேர்த்திருக்கிறேன், மிஸ்ஸிகளிடம் இன்னும் கேட்கவில்லை. போஸ்டர்:

உங்கள் பிரஷர் எவ்வளவு?
இலவசமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்
ஞாயிறு, தமிழ்ப்பள்ளி மண்டபம்
காலை 8 – 10: மேல் லயம், கோயில் வரிசை
காலை 10 – 12: கீழ் லயம், புதுவீடு
மாலை 4 – 6: வேலை, வெளியூர் காரணமாகக் காலையில் வர முடியாதவர்கள்
30 வயதுக்கு மேல், ஒரு வருடமாகப் பிரஷர் பார்க்காதவர்களுக்கு முதல் இடம்.
வழக்கம்போல் சாப்பிட்டு வாருங்கள். மாத்திரையை நிறுத்த வேண்டாம்.
அரை மணி நேரத்துக்கு முன்பிருந்து கோப்பி, டீ, சிகரெட் வேண்டாம்.
தளர்ந்த கை வைத்த சட்டை போடுங்கள்.
ஐசி, சாப்பிடும் மாத்திரைகள், கிளினிக் அட்டை கொண்டு வாருங்கள்.

ஒலிபெருக்கிக்கு:

"அம்மா, ஐயா, அண்ணன், அக்கா எல்லாருக்கும் வணக்கம். வருகிற ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் பிரஷர் பார்க்கிறார்கள். காசு இல்லை. சாப்பிட்டுவிட்டு வாருங்கள். தினமும் போடுகிற மாத்திரையைப் போட்டுக்கொண்டு வாருங்கள். மறுபடியும் சொல்கிறோம், சாப்பிட்டுவிட்டு, மாத்திரை போட்டுக்கொண்டு வாருங்கள். மாத்திரை அட்டையைக் கையில் கொண்டு வாருங்கள். மேல் லயமும் கோயில் வரிசையும் எட்டு மணிக்கு. கீழ் லயமும் புதுவீடும் பத்து மணிக்கு. கழிப்பறை திறந்திருக்கும்."

---

பழைய எச்.ஏ.

ஒலிபெருக்கி வாசகம் நன்றாக இருக்கிறது. ஒரே செய்தியை இரண்டு தடவை சொன்னது சரி. கோயிலில் பாதிப் பேர் செருப்புத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

போஸ்டரில் ஒன்று குறைகிறது: எண் அதிகமாக வந்தால் என்ன செய்வீர்கள்? பலர் வராததற்கு அதுதான் காரணம். "அதிகம் என்று சொல்லிப் பயமுறுத்திவிட்டு விட்டுவிடுவார்கள்" என்று நினைக்கிறார்கள். ஒரு வரி போதும்: "அளவு கூடுதலாக இருந்தால் கிளினிக்குக்குக் கடிதம் தரப்படும்."

மேசையில் இருப்பவர்களுக்குத் தனித் தாள். சராசரி 140/90க்குக் கீழே என்றால் சீட்டில் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள், 130ஐத் தாண்டியவரை மட்டும் சில மாதத்தில் மறுபடியும் பார்க்கச் சொல்லுங்கள். மேல் எண் 140 அல்லது கீழ் எண் 90, இரண்டில் ஒன்று எட்டினாலும் கடிதம். "உங்களுக்குப் பிரஷர் நோய்" என்று முகாமில் யாரும் சொல்லக்கூடாது, அது கிளினிக்கில் உறுதியாக வேண்டியது. 180/110 வந்தால் உட்கார வைத்து மறுபடியும் பாருங்கள். அப்படியே நின்றால் மிஸ்ஸியின் முடிவு. கூடவே நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், வாய் கோணல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் கை கால் விளங்காமை என்று எதுவும் இருந்தால் கடிதம் எழுதிக்கொண்டு இருக்காதீர்கள், 999.

சீட்டில் இரண்டு அளவையும் எழுதுங்கள், எந்தக் கை, எத்தனை மணி, மாத்திரை போட்டாரா என்பதும். அது இருந்தால்தான் கிளினிக் டாக்டருக்குப் பயன். எண்ணை உரக்கச் சொல்லக்கூடாது, எழுதிக் காட்டுங்கள். லயத்துக்கிளி அம்மா ஞாபகம் இருக்கட்டும்.

---

மஞ்சள்கதவு

இரண்டு கையையும் மேசையில் வைத்துப் பார்த்தேன். இடது 140, வலது 146. நன்றி ஐயா. மிஷின் எந்தக் கம்பெனி என்று இன்னும் சொல்லவில்லையே?

---

லயத்துக்கிளி

கடிதத்தோடு கிளினிக்குக்குப் போனால் எவ்வளவு ஆகும் என்று கேட்பார்கள் தம்பி. குடிமக்களுக்கு அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளிதான், அதையும் சொல்லிவிடுங்கள். எஸ்.டி.ஆர். வாங்குகிற 40 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பெக்கா பி40 திட்டத்தில் பதிவுள்ள தனியார் கிளினிக்கிலும் இலவசப் பரிசோதனை உண்டு. எங்கள் லயத்தில் பாதிப் பேருக்கு அது தெரியாது.

---

குலுக்கல் மன்னன்

சரி, பட்டினி வரியை விட்டுவிடுகிறேன். ஆனால் இப்போது வெட்டு வேலையில் பாதிக்கு மேல் வங்காளதேசமும் இந்தோனேசியாவும். அவர்களை அழைக்கிறோமா இல்லையா? போஸ்டர் தமிழில் மட்டும் இருந்தால் அழைக்கவில்லை என்று அர்த்தம். அவர்களுக்குக் கிளினிக் கட்டணமும் வேறு.

---

செம்பனைத்தம்பி

மலாயில் ஒரு போஸ்டர் தயார் செய்யலாம். ஆனால் கடிதம் கொடுத்தபின் அவர்களை யார் கிளினிக்குக்கு அழைத்துப் போவது என்பதற்குக் குழுவில் பதில் இல்லை. தோட்ட அலுவலகத்தில் கிராணியிடம் பேசிப் பார்க்கிறேன்.

மற்ற நிலவரம்: மாதர் பிரிவு கோப்பி மேசையை வாசலிலிருந்து வெளியேறும் கதவுக்கு மாற்ற ஒத்துக்கொண்டார்கள். சிற்றுண்டி மீஹூன்தான், உப்பைக் குறைக்கச் சொன்னேன், முறைத்தார்கள். தலைவர் போஸ்டரின் மேல் பாதியில் ஒய்.பி. படம் வேண்டும் என்கிறார். படம் வந்தால் நேரமும் மாத்திரை வரியும் எறும்பு அளவுக்குப் போய்விடும், கீழே சின்னதாகப் போடலாம் என்று சொல்லியிருக்கிறேன். இன்னும் பேச்சு நடக்கிறது.

---

வெள்ளைக்காலணி

மாலை 4 மணிக்கு எனக்குச் சம்மதம், மற்ற மிஸ்ஸிக்கு வீட்டில் கைக்குழந்தை, அவரைக் கேட்டுச் சொல்கிறேன். அப்படியானால் மாலையில் ஒரு மிஷின்தான் ஓடும், 24 பேர். எண் சீட்டை அதற்கு மேல் அச்சடிக்காதீர்கள். பெரிய கஃப் எங்களிடம் ஒன்றுதான், அதன் ஒட்டும் பட்டையும் தேய்ந்துவிட்டது, கட்டினால் நடுவில் பிரிந்துகொள்கிறது. அந்தப் பக்கம் யாரிடமாவது நல்லது இருந்தால் மிஷின் மாடலோடு சொல்லுங்கள். வேறு மாடலின் கஃப்பைப் பொருத்தினால் எண் தப்பாகும்.

---

பழைய எச்.ஏ.

பாகான் டத்தோவில் என் பழைய சகா ஒருவரிடம் கேட்கிறேன். வியாழக்கிழமைக்குள் சொல்கிறேன். தம்பி, சுற்றளவு பார்க்கத் தையல்காரரின் டேப் ஒன்று மறக்காமல் வாங்கி வையுங்கள்.